வெயிலில் ஒன்றரை நிமிட நன்றியுரை

கேள்வி: எங்க பள்ளி விளையாட்டு விழாவில் வேலை செஞ்ச பெற்றோர்களுக்கு நன்றி சொல்ற பொறுப்பை என்கிட்ட விட்டிருக்காங்க. மதுரைக்குப் பக்கம், திறந்த மைதானம், மதியம் மூணு மணிக்கு மேல. "சுருக்கமா முடிச்சிருங்க"ன்னு தலைமையாசிரியர் சொல்லிட்டாங்க. எவ்வளவு நேரம் பேசலாம்? எல்லார் பேரையும் சொல்லணுமா? மாதிரி ஒண்ணு எழுதித் தர முடியுமா?

பதில்:

ஒன்றரை நிமிடம் போதும். பெயர்களைச் சொல்லாதீர்கள், அவர்கள் செய்த வேலையைச் சொல்லுங்கள். மாதிரி உரை கீழே இருக்கிறது. ஆனால் அதை அப்படியே வாசித்தால் யாருக்கும் ஒட்டாது. உங்கள் மைதானத்தில் அன்று நடந்ததை அதில் ஏற்றினால்தான் அது உங்கள் உரை. எதை ஏற்றுவது, எப்படி ஏற்றுவது என்பதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் நேரக் கணக்கு. மைக்கில், வெளியில், நிறுத்தி நிதானமாகப் பேசும்போது தமிழில் நிமிடத்துக்கு 90 சொல் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் சொற்கள் நீளம். "பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கும்" என்பது ஒரே சொல்தான், சொல்லி முடிக்க இரண்டு வினாடி ஆகிவிடும். ஆகவே 100 சொல்லை ஒட்டி எழுதினால் பேச்சுக்கு 70 வினாடி போகும். மீதி 20 வினாடி கைதட்டலுக்கும், கூட்டம் திரும்பிப் பார்ப்பதற்கும் வேண்டும். பலர் இந்த 20 வினாடியைக் கணக்கில் எடுப்பதில்லை. ஒவ்வொரு குழுவைச் சொன்னதும் கைதட்டச் சொன்னால், ஒரு கைதட்டலுக்கு 5 வினாடி வீதம் ஆறு குழுவுக்கு அரை நிமிடம் கூடிவிடும். அதோடு மூன்றாவது கைதட்டலிலேயே பிள்ளைகள் கை சோர்ந்து போகும்; கடைசியாக வரும் குழுவுக்கு ஏனோதானோவென்று நாலு தட்டு விழும். அதனால் கைதட்டல் ஒரே ஒரு முறை, கடைசியில், எல்லாருக்கும் சேர்த்து.

ஒன்றரை நிமிடம் என்று கறாராகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நிகழ்ச்சி முடிகிற நேரத்தில் பிள்ளைகள் அணி அணியாக நின்றுகொண்டிருப்பார்கள். வெயிலில் உடம்புச் சூடு கூடும்போது தோலுக்கு அடியில் உள்ள ரத்தக்குழாய்கள் விரிந்துகொடுக்கும். அசையாமல் நின்றால் ரத்தம் காலில் தேங்கும். நடக்கும்போது கெண்டைக்கால் சதை அதை மேலே தள்ளிவிடும். "விறைப்பா நில்" என்று நிறுத்தி வைத்தால் அந்த வேலை நடக்காது. தலைக்குப் போகிற ரத்தம் குறைந்து பிள்ளை மயங்கி விழும். ஓடும்போது விழாத பிள்ளை நன்றியுரையில் விழுவது இதனால்தான். விழுவதற்கு முன்னால் முகம் வெளுக்கும், கொட்டாவி வரும், உடம்பு லேசாக ஆடும். ஆகவே உடற்கல்வி ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லி, நீங்கள் மைக்கைப் பிடிப்பதற்கு முன் எல்லாரையும் தரையில் உட்கார வைத்துவிடுங்கள். உரையின் முதல் வரியிலும் அதைச் சேர்த்துக்கொள்ளலாம். பிறகு நாட்டுப்பண்ணுக்கு எழுந்து நின்றால் போதும், அது 52 வினாடி.

நிகழ்ச்சி நிரலில் உங்கள் இடம் எது என்பதையும் இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமாகப் பரிசளிப்பு, நன்றியுரை, நாட்டுப்பண் என்று அச்சடித்துவிடுவார்கள். ஒட்டுமொத்தச் சுழற்கோப்பை யாருக்கு என்று தெரிந்த மறு நிமிடம் ஒரு அணி குதித்துக் கத்தும், மற்ற அணிகள் பையைத் தேடும், வாசலில் வண்டிகள் கிளம்ப ஆரம்பிக்கும். அதற்கப்புறம் நீங்கள் பேசுவது நாற்காலிகளுக்குத்தான் கேட்கும். தனிநபர் பரிசுகள் முடிந்து சுழற்கோப்பையை அறிவிப்பதற்கு முன் உள்ள இடைவெளியைக் கேட்டு வாங்குங்கள். கோப்பை யாருக்கு என்று தெரியாத வரை ஒருவரும் எழுந்து போகமாட்டார்கள். விருந்தினருக்கும் நிர்வாகத்துக்கும் சொல்லும் நன்றியுரை எப்போதும்போல் கடைசியில் வேறொருவர் சொல்லட்டும். உங்களுடையது தனி.

இனி பெயர் விஷயம். 34 பேர் உதவியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். "ஐந்தாம் வகுப்பு ஆ பிரிவு மாணவியின் தந்தை திரு. இன்னார் அவர்கள்" என்று சொல்ல 4 வினாடி ஆகும். 34 பேருக்கு 136 வினாடி. பட்டியல் மட்டுமே இரண்டேகால் நிமிடம்! அது போகட்டும் என்றாலும், விடுபடுகிற ஒரு பெயர் இருக்கிறதே, அதற்கு மாற்றே கிடையாது. 33 பேர் பெயரைச் சொல்லிவிட்டு ஒருவரை விட்டால், அந்த ஒருவருக்கு அது மறந்துபோனதாகத் தெரியாது, ஒதுக்கியதாகத்தான் தெரியும். எப்போதும் விடுபடுவது யார் என்று பார்த்தால், பட்டியலில் முதலில் பெயர் கொடுக்காமல், பிள்ளையை விட வந்த இடத்தில் கேனைத் தூக்கிக் கொடுத்துவிட்டு மதியம் வரை அங்கேயே நின்றுவிட்டவர்தான். அதிகம் வேலை செய்தவரும் பல சமயம் அவரே. இன்னொன்றும் உண்டு. நம் ஊரில் "மீனாட்சி அம்மா" என்று மைக்கில் சொன்னால் மூன்று பேர் நிமிர்ந்து பார்ப்பார்கள். பாண்டி என்றால் கேட்கவே வேண்டாம்.

பெயர்களை அப்படியே விட்டுவிடச் சொல்லவில்லை, எழுத்தில் வையுங்கள். காலையில் தண்ணீர்ப் பந்தல் அருகே ஒரு சார்ட் அட்டையை ஒட்டி, பக்கத்தில் ஒரு ஸ்கெட்ச் பேனாவைக் கட்டித் தொங்கவிடுங்கள். வேலைக்கு வருகிற ஒவ்வொருவரும் தன் பெயரைத் தானே எழுதட்டும். எழுத்துப் பிழை வராது, முன்னெழுத்து மாறாது, நடுவில் வந்து சேர்ந்தவரும் இடம்பெறுவார். எழுதத் தயங்குகிற பாட்டிக்குப் பேத்தி எழுதிக் கொடுப்பாள். விழா முடிந்ததும் அந்த அட்டையைப் பள்ளி வாசலில் ஒரு வாரம் மாட்டி வைக்கலாம். மைக்கில் காற்றோடு போகிற பெயரைவிட, மறுநாள் காலையில் பிள்ளையை விட வரும்போது கண்ணில் படுகிற பெயர் நிற்கும்.

"பெற்றோர்களே" என்ற விளியையும் கொஞ்சம் யோசியுங்கள். அன்றைக்கு மைதானத்தில் நிற்பவர்கள் எல்லாரும் பெற்றோர் இல்லை. அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போய்விட, தாத்தாவோ அப்பத்தாவோ வந்திருப்பார். தாய்மாமன் வந்து வாசலில் வண்டி ஒழுங்குபடுத்திக்கொண்டிருப்பார். "பெற்றோர்" என்ற ஒரே சொல்லில் சுருக்கினால், இவர்கள் தமக்கு இல்லை என்று சும்மா நிற்பார்கள். அப்பா இல்லாத வீட்டுப் பிள்ளையும் அந்த வரிசையில் உட்கார்ந்திருக்கும். "உங்க வீட்டு ஆளுங்க" என்று பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னால் எல்லாரும் அதற்குள் வந்துவிடுவார்கள்.

பிள்ளைகளைப் பார்த்துச் சொல்வதுதான் இந்த உரையின் அச்சாணி. பெரியவர்களை நோக்கி "நீங்கள் செய்த உதவி" என்று பேசினால், பிள்ளைகளுக்கு அங்கே வேலை இல்லை. பேசுகிறவர் பெரியவர், கேட்கிறவரும் பெரியவர் என்றால் அறுநூறு பிள்ளைகளும் மண்ணைக் கிளற ஆரம்பித்துவிடுவார்கள், சத்தம் எழும், யாருக்கும் ஒன்றும் கேட்காது. பிள்ளைகளிடம் "அங்கே பாருங்கள், அவர்கள் உங்களுக்காக இதைச் செய்தார்கள்" என்று காட்டினால், பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பார்கள். பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பதே பந்தலில் நிற்பவருக்கு முழு நன்றி.

அடுத்து, என்ன சொல்வது என்பதைச் சேகரிப்பது. இதை முந்தின நாள் வீட்டில் உட்கார்ந்து முழுசாக எழுதிவிட முடியாது. விழா அன்று ஒரு சின்னக் குறிப்பேடு எடுத்துக்கொண்டு, காலை பத்து மணிக்கு ஒரு சுற்று, மதியம் இரண்டு மணிக்கு ஒரு சுற்று, ஒவ்வொரு இடத்துக்கும் போய் நில்லுங்கள். ஒரு குழுவுக்கு ஒரே ஒரு விஷயம் போதும், அது கண்ணால் பார்த்ததாக இருக்கவேண்டும். பந்தலில் எத்தனை கேன் திறந்தார்கள், கோட்டை எத்தனை முறை திரும்பப் போட்டார்கள், முதலுதவி மேசையில் எத்தனை முழங்கால் வந்தது என்பது மாதிரி. எண்ணைச் சொல்வதாக இருந்தால் சரிபார்த்துக்கொண்டு சொல்லுங்கள். காலிக் கேன்களை நீங்களே எண்ணுங்கள். 20 லிட்டர் கேன் 31 என்றால் 620 லிட்டர், 600 பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு லிட்டர், கணக்கு ஒத்துப்போகிறது. வாய்க்கு வந்தபடி "ஐம்பது கேன்" என்று அடித்துவிட்டால், கேனைத் தூக்கினவருக்கு அது பொய் என்று அந்த வினாடியே தெரியும், மற்ற நன்றியும் அதோடு போகும். எண் கிடைக்காத இடத்தில் ஒரு செயலைச் சொல்லுங்கள்: மோருக்குக் கறிவேப்பிலை கிள்ளிப் போட்டது, மாவுக்கோடு காற்றில் அழிந்ததும் மறுபடி போட்டது.

இப்போது எழுதுகிற முறை. பலருக்கும் இங்கேதான் சறுக்குகிறது, அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம். நன்றியுரை என்றதும் பெரும்பாலும் இப்படித்தான் கை ஓடும்:

"தங்களது பொன்னான நேரத்தை ஒதுக்கி, அதிகாலையிலேயே வருகை தந்து, மாணவச் செல்வங்களின் தாகம் தீர்க்கும் உன்னதப் பணியில் தங்களை ஈடுபடுத்திக்கொண்டு, குடிநீரும் மோரும் வழங்கி விழா சிறக்கப் பேருதவி புரிந்த அன்பான பெற்றோர்களுக்குப் பள்ளியின் சார்பாக எனது நெஞ்சார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறேன்."

31 சொல், ஒரே வாக்கியம். இதில் தண்ணீர்ப் பந்தலைப் பற்றிய பேச்சு என்பதே "குடிநீரும்" என்ற 16-ஆவது சொல்லில்தான் தெரிகிறது. யாரைச் சொல்கிறோம் என்பது 24-ஆவது சொல்லில். ஒதுக்கி, தந்து, ஈடுபடுத்திக்கொண்டு, வழங்கி, புரிந்த என்று எச்சமாகவே அடுக்கிக்கொண்டு போகும்போது, கேட்கிறவர் எல்லாவற்றையும் கையில் வைத்துக்கொண்டு, இது யாருக்கு என்று காத்திருக்க வேண்டியிருக்கிறது. தாளில் படிக்கும்போது கண் முன்னும் பின்னும் போகும், சிரமம் தெரியாது. காதுக்கு அந்த வசதி இல்லை. வெயிலில் உட்கார்ந்திருக்கும் காதுக்கு அறவே இல்லை.

மாற்றுவது எளிது. ஆளை முதலில் வையுங்கள், வேலையை அடுத்து வையுங்கள், வினைமுற்றோடு நிறுத்துங்கள். "தண்ணிப் பந்தலைப் பாருங்க. இருபது லிட்டர் கேன், முப்பத்தோரு கேன் தூக்கினாங்க." இரண்டு வாக்கியம், ஒன்பது சொல். முதல் வாக்கியத்தில் ஆள் கண்முன் வந்துவிட்டார், இரண்டாவதில் அவர் செய்தது வந்துவிட்டது. "நன்றி" என்ற சொல் இல்லாமலே நன்றி போய்ச் சேர்ந்துவிட்டது. அந்தச் சொல்லை ஒவ்வொரு குழுவுக்கும் செலவழிக்காமல் கடைசியில் ஒரே முறை சொல்லுங்கள், அப்போது அதற்கு எடை இருக்கும்.

பேச்சுநடையில் சொல்வதா, எழுத்துநடையில் சொல்வதா என்று தயக்கம் வரும். மேடையில் விருந்தினர் இருக்கிறார்களே என்று பலர் எழுத்துநடைக்குப் போவார்கள். விருந்தினருக்கான நன்றியுரை அப்படியே இருக்கட்டும். இந்த உரை வீட்டு ஆட்களுக்கு. "வந்தாங்க, போட்டாங்க" என்று மரியாதையோடு பேசினால் குறை ஒன்றும் இல்லை. ஆங்கிலவழிப் பள்ளியாக இருந்தாலும் இதைத் தமிழில்தான் சொல்லவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கேன் தூக்கிய தாத்தாவுக்குப் புரியாத மொழியில் அவருக்கு நன்றி சொல்வதில் பொருளே இல்லை.

ஒரு முழு மாதிரி பார்க்கலாம். 600 பிள்ளைகள், உதவிக்கு 34 பேர்: தண்ணீர்ப் பந்தலில் 9, கோடு போட 5, முடிவுக் கோட்டில் 7, முதலுதவியில் 3, எல்.கே.ஜி. பிள்ளைகளோடு 6, வாசலில் 4.

"வணக்கம். பிள்ளைங்களா, உட்கார்ந்தே கேளுங்க.

இன்னைக்கு ஓடினது நீங்க. நீங்க ஓடுறதுக்காகக் காலையிலிருந்து நின்னது முப்பத்து நாலு பேர். அப்பா, அம்மா, தாத்தா, அப்பத்தா, மாமா, எல்லாரும் உங்க வீட்டு ஆளுங்க.

தண்ணிப் பந்தலைப் பாருங்க. இருபது லிட்டர் கேன், முப்பத்தோரு கேன் தூக்கினாங்க. மோருக்குக் கறிவேப்பிலை கிள்ளிப் போட்டதும் அவங்கதான்.

கீழே வெள்ளைக் கோடு தெரியுதா? அஞ்சரை மணிக்கு வந்து போட்டாங்க. காத்து அழிச்சதும் மறுபடி போட்டாங்க.

முடிவுக் கோட்டில் ஏழு பேர் நின்னாங்க. ஓடி வந்தவங்களைக் கையைப் பிடிச்சு வரிசையில் விட்டாங்க.

முதலுதவி மேசைக்காரங்க பதினோரு முழங்காலைக் கழுவி மருந்து போட்டாங்க.

வேப்பமரத்தடியில் இருந்தவங்க எல்.கே.ஜி. பிள்ளைங்களை வெயிலுக்கே விடலை.

வாசல்ல நாலு பேர் வண்டி பார்த்தாங்க. அவங்க ஒரு பந்தயத்தையும் பார்க்கலை. தன் பிள்ளை ஓடினதையும் பார்க்கலை.

முப்பத்து நாலு பேரும் இருக்கிற இடத்திலேயே கையைத் தூக்குங்க. பிள்ளைங்களா, அந்தக் கைகளைப் பாருங்க.

உங்க எல்லாருக்கும் இந்தப் பள்ளிக்கூடத்தோட நன்றி. இப்பக் கைதட்டுங்க."

மொத்தம் 104 சொல். குழுக்களின் வரிசையைக் கவனியுங்கள். எல்லாரும் பார்த்த பந்தலில் தொடங்கி, யாருமே பார்க்காத வாசலில் முடிகிறது. வாசலை நடுவில் வைத்தால் அது ஒரு வேலையாகக் கடந்துபோகும். கடைசியில் வைத்தால் கூட்டம் ஒரு வினாடி அமைதியாகும். ஆனால் அந்த வரி உண்மையாக இருந்தால் மட்டும் சொல்லுங்கள். மதியம் இரண்டு மணிச் சுற்றில் வாசலுக்குப் போய், "பிள்ளை ஓடினதைப் பார்த்தீங்களாண்ணே?" என்று நீங்களே கேளுங்கள். நடுவில் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தார் என்றால், அந்த வரியை எடுத்துவிட்டு, "பிள்ளை ஓடின ஒரு நிமிஷம் மட்டும் வந்து பார்த்துட்டு மறுபடி வாசலுக்கே போயிட்டாங்க" என்று வையுங்கள். அதுவும் குறைந்ததல்ல.

எல்லாருக்கும் சமமாக வரி கொடுக்கவேண்டும் என்று நினைக்காதீர்கள். மாதிரியில் பந்தலுக்கு மூன்று வாக்கியம், முதலுதவிக்கு ஒன்று. யாருக்கும் அது குறையாகத் தெரியாது, ஏனென்றால் ஒவ்வொருவருக்கும் அவர் செய்ததே சொல்லப்பட்டிருக்கிறது. இரண்டு குழுவை ஒன்றாகச் சேர்த்து "மற்றும் பலர்" என்று முடிப்பதுதான் தவறு. அந்தச் சொல்லுக்குள் யார் விழுகிறாரோ அவருக்கு அது உறைக்கும்.

"இருக்கிற இடத்திலேயே" என்பதையும் விட்டுவிடாதீர்கள். மேடைக்கு அழைத்தால் பந்தலை விட்டு, வாசலை விட்டு வர நேரம் ஆகும், அதற்குள் தண்ணீருக்கு வரிசை நிற்கும். மேடையேறக் கூசுகிறவர்களும் உண்டு. கையைத் தூக்கச் சொன்னால் பக்கத்தில் இருப்பவர் அவர் கையையும் சேர்த்துத் தூக்கிவிடுவார்.

பொன்னாடை போர்த்தலாம் என்று யாராவது கடைசி நேரத்தில் சொல்வார்கள். ஒருவருக்குப் போர்த்திப் படம் எடுக்க 15 வினாடி என்றாலும் 34 பேருக்கு எட்டரை நிமிடம். நிர்வாகம் ஏதாவது கொடுத்தே தீரவேண்டும் என்றால், வாசலில் ஒரு மேசை போட்டு, போகும்போது ஒவ்வொருவர் கையிலும் கொடுக்கட்டும். அதேபோல், தண்ணீர் கேனுக்கும் பேனருக்கும் பணம் கொடுத்தவர்களை இந்த உரைக்குள் கொண்டுவரச் சொல்வார்கள். பணம் கொடுத்தவர் பெயரை மைக்கில் சொல்லி, கேன் தூக்கியவர் பெயரைச் சொல்லாமல் விட்டால், இதுவரை செய்ததெல்லாம் கெட்டுவிடும். நன்கொடையாளர் பெயர் கடைசி நன்றியுரைக்குப் போகட்டும், இதில் வேண்டாம்.

நிகழ்ச்சி தாமதமாகி, "அரை நிமிஷத்தில் முடிங்க" என்று காதில் சொன்னால் பதறவேண்டாம். அதற்கும் ஒன்றை, உரை எழுதிய அட்டையின் பின்பக்கம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்:

"வணக்கம். அஞ்சரை மணிக்குக் கோடு போட்டதிலிருந்து இப்ப வாசல்ல வண்டி பார்க்கிற வரைக்கும், உங்க வீட்டு ஆளுங்க முப்பத்து நாலு பேர் உங்களுக்காக நின்னாங்க. வாசல்ல நின்னவங்க தன் பிள்ளை ஓடினதைக்கூடப் பார்க்கலை. எல்லாரும் கையைத் தூக்குங்க. பிள்ளைங்களா, அந்தக் கைகளைப் பாருங்க. பள்ளிக்கூடத்தோட நன்றி. கைதட்டுங்க."

பெரிய உரையையே வேகமாக வாசித்து அரை நிமிடத்தில் அடக்கப் பார்க்காதீர்கள். மைதானத்தில் வேகமாகப் பேசினால் கேட்கவே கேட்காது. கூம்பு ஒலிபெருக்கி இரண்டு முனையிலும் கட்டியிருப்பார்கள். ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். ஒரு கூம்பு பக்கத்திலும் இன்னொன்று 100 மீட்டர் தள்ளியும் இருந்தால், நீங்கள் சொன்ன அதே சொல் கால் வினாடிக்கு மேல் தாமதித்து மறுபடி வந்து விழும், அடுத்த சொல்லின் தலையில். தமிழில் வினை கடைசியில் வருவதால், அடிபடுவது அந்த வினைதான். "பார்க்கலை" என்பது "பார்க்க..." என்று கேட்டால் பொருளே மாறிவிடும். ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லையும் முழுசாகச் சொல்லி, மனதுக்குள் "ஒண்ணு" என்று எண்ணிவிட்டு அடுத்ததைத் தொடங்குங்கள். மேலே உள்ள உரையில் வாக்கியங்கள் குட்டையாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மைக்கை வாயிலிருந்து நாலு விரற்கடை தள்ளி, நேர் முன்னால் இல்லாமல் மோவாய்ப் பக்கம் கொஞ்சம் சாய்த்துப் பிடியுங்கள். நேராகப் பிடித்தால் 'ப' வெடிக்கும், மதியக் காற்றும் உள்ளே புகுந்து புஸ்ஸென்று இரையும். உரையைச் செல்பேசியில் வைத்துக்கொள்ளவேண்டாம். வெயிலில் திரையில் உங்கள் முகம்தான் தெரியும், எழுத்து தெரியாது. ஏ4 தாள் காற்றில் படபடக்கும், அந்தச் சத்தம் மைக்கில் ஏறும். அழைப்பிதழ் கனத்தில் உள்ளங்கை அளவு அட்டைகள் இரண்டில் பெரிதாக எழுதுங்கள். ஒரு வாக்கியம் முடிந்தால் அடுத்ததைப் புது வரியில் தொடங்குங்கள். எண்களைச் சொல்லாகவே எழுதுங்கள். "31" என்று இருந்தால் மேடையில் கண் அதை "முப்பத்தி ஒன்று" என்று படித்துத் தடுமாறும், "முப்பத்தோரு கேன்" என்று எழுதியிருந்தால் வாய் தானாகச் சொல்லும். இரண்டு மணிச் சுற்றுக்குப் பிறகு மாறப்போகிற எண்களுக்கு மட்டும் இடம் விட்டு வைத்து, பேனாவால் நிரப்பிக்கொள்ளுங்கள்.

முந்தின நாள் ஒரு முறை சத்தமாக, நின்றபடி, கடிகாரம் வைத்துப் பேசிப் பாருங்கள். உட்கார்ந்து வாய்க்குள் படித்தால் 50 வினாடி காட்டும், மேடையில் அது 80 ஆகும். ஒன்றரை நிமிடத்தைத் தாண்டினால் சொற்களை அங்கங்கே கிள்ளாதீர்கள், வாக்கியமாகவே எடுத்துவிடுங்கள். முதலில் எடுக்கவேண்டியது கறிவேப்பிலை வரி, அடுத்தது கோட்டை மறுபடி போட்ட வரி. கை தூக்கச் சொல்வதை மட்டும் எடுக்கவேண்டாம்.

இத்தனை பார்த்தும் ஒரு குழு விடுபட்டுப்போகலாம். காலையில் பந்தல் துணி கட்டிவிட்டுப் போனவர்கள், மேசை நாற்காலி இறக்கினவர்கள் மாதிரி. மேடையை விட்டு இறங்கினதும் அது நினைவுக்கு வரும். அப்போது மறுபடி மைக்கைப் பிடித்து "ஒரு சிறு விடுபடல்" என்று ஆரம்பிக்காதீர்கள். மறந்துபோய், பிறகு நினைவு வந்து சொன்ன நன்றி என்று ஊருக்கே அறிவிப்பது மாதிரி ஆகிவிடும். அந்தக் குழுவில் ஒருவரை, அவர் வண்டியை எடுப்பதற்கு முன் வாசலில் பிடியுங்கள். ஒரு தம்ளர் மோரைக் கையில் கொடுத்து, "துணி கட்டினதை மேடையில சொல்ல விட்டுட்டேண்ணே, தப்பு என்னுது" என்று நேராகச் சொல்லிவிட்டு, அந்த சார்ட் அட்டையில் அவர் பெயர் இருக்கிறதா என்று அவர் எதிரிலேயே பாருங்கள். இல்லையென்றால் பேனாவை அவர் கையில் கொடுங்கள்.